தொண்டையில் இருப்பது கேஸும் இல்லை, கற்பனையும் இல்லை

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரைக்கும் எந்த மெடிக்கல் ஷாப்பில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்க ஒருவர் வருவார். "அண்ணா, தொண்டையில ஏதோ அடைச்சுக்கிட்டே இருக்கு. முழுங்கினாலும் போகல, துப்பினாலும் வரல." கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்பார்: "கேஸா?" பதில் வருவதற்குள் ஒரு பாண்டோபிரசோல் பட்டை கவுண்டரில் விழும். ஆட்டம் முடிந்தது.

அதில் அடங்கவில்லை என்றால் அடுத்த படி கிளினிக். அங்கே இரண்டு நிமிடம். "சாப்பிட முடியுதா? வலி இல்லையே? அப்போ ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் டென்ஷன். மனசைப் போட்டுக் குழப்பிக்காத." மறுபடியும் அதே மாத்திரை, கூடவே ஒரு வைட்டமின்.

இந்த "கேஸ்", "டென்ஷன்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இரண்டுமே முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி உண்மையைச் சொல்லி நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறார்கள். தொண்டை அடைத்தவருக்கு வாயும் அடைக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் தனியாகப் பெயர் உண்டு, குளோபஸ். லத்தீனில் உருண்டை என்று அர்த்தம். தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ இருக்கிற உணர்வு, ஆனால் வலி கிடையாது, சாப்பாடு சிக்குவதும் கிடையாது. 1707-இல் ஜான் பர்செல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அதற்கு அப்புறம் ரொம்ப காலம் இதன் பெயர் 'குளோபஸ் ஹிஸ்டெரிகஸ்'. ஹிஸ்டீரியா என்ற சொல் கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. அதாவது, தொண்டை அடைத்தால் அது பொம்பளைங்க சமாச்சாரம், மனசு சமாச்சாரம் என்று பெயரிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். 1968-இல் மால்கம்சன் என்ற மருத்துவர், இவர்களில் நிறைய பேருக்கு ஹிஸ்டீரியா எதுவும் இல்லை என்று சொல்லி 'குளோபஸ் ஃபாரிஞ்சியஸ்', அதாவது தொண்டை உருண்டை, என்று பெயரை மாற்றச் சொன்னார். பெயர் மாறியது. கிளினிக்கில் சொல்லும் பதில்தான் இன்னும் 1707-இலேயே நிற்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆதாம் ஆப்பிள் என்கிற தொண்டை மேட்டுக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தால் ஒரு குருத்தெலும்பு வளையம் தட்டுப்படும். அதற்கு நேர் பின்னால் உணவுக்குழாயின் மேல்வாசல் இருக்கிறது. அது ஒரு தசை வளையம். மற்ற தசைகளைப் போல வேலை வந்தால் இறுகி, வேலை முடிந்தால் தளர்வது இதன் வழக்கம் இல்லை. நேர் எதிர். எப்போதும் இறுகி மூடியே இருக்கும், விழுங்கும்போது மட்டும் ஒரு கணம் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். காற்று வயிற்றுக்குள் போகாமலும், வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறாமலும் காவல் காக்கும் வாட்ச்மேன் அது.

இந்த வாட்ச்மேனை உசுப்பிவிட இரண்டு வழி உண்டு.

முதல் வழி, கீழே இருந்து. வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினால் மேல்வாசல் இன்னும் இறுகும். அமிலம் தொண்டை வரைக்கும் வரவேண்டும் என்றுகூட இல்லை. உணவுக்குழாயின் அடிப்பகுதியைத் தொட்டாலே நரம்பு வழியாக மேலே சேதி போய்விடும். அதனால்தான் நெஞ்செரிச்சலே இல்லாத சிலருக்கும் தொண்டையில் மட்டும் அடைப்பு தெரியலாம். சிலருக்கு அமிலமும் அதனுடன் வரும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே அரிப்பதும் உண்டு.

இரண்டாம் வழி, மேலே இருந்து. பயம், கோபம், அடக்கிய அழுகை. துக்கம் தொண்டையை அடைக்கும் என்று நம் ஊர் பாட்டிகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். 1987-இல் குக் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எந்த நோயும் இல்லாதவர்களை மன அழுத்தத்துக்கு உள்ளாக்கி மேல்வாசலின் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். ஏறியது. ஆகவே "டென்ஷன்" என்றால் கற்பனை என்று அர்த்தம் இல்லை, தசை இறுகுகிறது என்று அர்த்தம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் யாராவது "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்வார்களா?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே குக் 1989-இல், தொண்டை அடைப்பு இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது மேல்வாசலின் இறுக்கத்தில் வித்தியாசம் காணவில்லை. அதனால் இறுக்கம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலருக்குத் தசை இறுகுகிறது. சிலருக்குச் சாதாரண இறுக்கத்தையே நரம்பு பெரிதாக உணர்கிறது. இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஆனால் இதில் எதுவுமே "ஒண்ணும் இல்லை" ஆகிவிடாது.

சந்தேகம் இருந்தால் இப்போதே ஒரு சோதனை. வாயில் தண்ணீர், சாப்பாடு எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து ஐந்து தடவை எச்சில் விழுங்கிப் பாருங்கள். முதல் இரண்டு சுலபம். மூன்றாவது கஷ்டம். ஐந்தாவதில் தொண்டையில் ஏதோ நிற்பது போல இருக்கும். ஆச்சா? உங்களுக்குக் கேஸும் இல்லை, டென்ஷனும் இல்லை, ஆனாலும் அரை நிமிடத்தில் உருண்டை வந்துவிட்டது. எச்சில் தீர்ந்த தொண்டையை வெறுமனே வேலை வாங்கினால் யாருக்கும் அப்படித்தான்.

இதுதான் இந்த நோயின் கண்ணி. ஏதோ இருக்கிற மாதிரி தோன்றுகிறது, அதைத் தள்ளுவதற்காக விழுங்குகிறார்கள். விழுங்க விழுங்க உணர்வு அதிகமாகிறது. அதிகமானதும் பயம் வருகிறது. பயம் வந்ததும் தசை இறுகுகிறது. மறுபடி விழுங்கத் தோன்றுகிறது. இடையிடையே செருமல் வேறு. செருமினால் குரல்வளையில் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டு இன்னும் அரிக்கும்.

இப்போது இதைக் கொண்டுபோய் ஒரகடம் ரோட்டில் வைத்துப் பார்ப்போம்.

கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 22. ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சுங்குவார்சத்திரம் அருகே எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைனில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். இந்த வாரம் மத்தியானம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை ஷிப்ட். மாலையில் கேன்டீன் இடைவேளை அரை மணி. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆனால் அந்த அரை மணிக்குள்தான் லைனில் இருந்து நடந்து போவது, வரிசையில் நிற்பது, கை கழுவுவது, திரும்பி வருவது எல்லாம். தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பது பத்து நிமிடம் இருந்தால் பெரிது. அதனால் கேன்டீனில் ஏதோ பேருக்குக் கொறித்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிடலாம் என்று தள்ளிப் போடுகிறாள்.

10 மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ் ஹாஸ்டலை அடையும்போது 11. ராத்திரி 11.15-க்கு ஒரு தட்டு நிறைய சோறு, குழம்பு. 11.45-க்குக் கட்டிலில் மல்லாந்து படுத்துச் செல்போன். வயிறு நிறைந்த நிலையில் படுத்தால் அமிலத்தைக் கீழே பிடித்து வைக்கப் புவியீர்ப்பு துணைக்கு வராது. பாத்திரத்தை நிரப்பிவிட்டுப் படுக்கப் போட்ட கதைதான்.

லைனில் அவள் தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போகவேண்டும். பாத்ரூம் போக வேண்டுமானால் அவள் இடத்தில் நிற்க மாற்று ஆள் வரவேண்டும். அதற்கு லைன் லீடரிடம் கேட்க வேண்டும். கேட்பதைவிடக் குடிக்காமல் இருப்பது சுலபம். எட்டு மணி நேரம் குனிந்த கழுத்து, கடித்த பல், காய்ந்த வாய். மேலே இருந்தும் உசுப்பு, கீழே இருந்தும் உசுப்பு.

மூன்று வாரத்தில் தொண்டையில் உருண்டை வந்துவிட்டது. சாப்பிடும்போது தெரிவதில்லை. வேலையில் மும்முரமாக இருக்கும்போதும் தெரிவதில்லை. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்தால், ராத்திரி படுத்தால் தெரிகிறது. ஊரில் தொண்டைப் புற்றுநோயில் செத்துப்போன ஒரு மாமா நினைவுக்கு வருகிறார். அன்றில் இருந்து தூக்கம் போச்சு.

அவள் என்ன செய்வாள்? ஒரு சின்னக் கணக்கு. மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி இ.எஸ்.ஐ.க்கு அவள் பங்கு முக்கால் சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. கம்பெனியின் பங்கு மூன்றேகால் சதவீதம், 487 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய், வருடத்துக்கு 7,200 ரூபாய் அவள் பெயரில் மருத்துவத்துக்கென்று போகிறது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நாள் ஷிப்டை விடவேண்டும். ஷிப்டை விட்டால் அட்டென்டன்ஸ் போனஸ் போகும். எனவே 7,200 ரூபாய் கணக்கில் சும்மா நிற்க, அவள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் கைக்காசில் பட்டை வாங்குகிறாள். காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஒரு சொத்து இருக்கிறது, ஆனால் எடுத்துச் செலவழிக்க முடியாத சொத்து.

2021 டிசம்பரில் இதே பகுதியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் சிகிச்சை எடுக்க வேண்டியதாயிற்று. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான், அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று உலகம் கேட்டது. நூற்றுக்கணக்கான வயிறுகள் ஒரே ராத்திரியில் கெட்டால் செய்தி. நூற்றுக்கணக்கான தொண்டைகள் தனித்தனியாக, தனித்தனி நாளில் அடைத்தால் அது "கேஸ்". இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது சாப்பிட்டாய், எப்படிச் சாப்பிட்டாய், சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்துப் படுத்தாய்?

இப்போது அந்தப் பட்டைக்கு வருவோம்.

"கேஸ் மாத்திரை" என்று நாம் சொல்லும் பாண்டோபிரசோல் உண்மையில் கேஸுக்கான மாத்திரை இல்லை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு நன்றாகக் கேட்கும். வலி இல்லாத தொண்டை அடைப்புக்கு? இங்கிலாந்தில் எட்டு இடங்களில் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளுக்குத் தீராத தொண்டைத் தொல்லையோடு வந்த 346 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2021-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 16 வாரம். அதுவும் பாண்டோபிரசோலின் பங்காளிதான். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. தொல்லையை 45-க்கு மார்க் போட்டு அளந்தார்கள். மார்க் அதிகமானால் தொல்லை அதிகம்.

மாத்திரை சாப்பிட்டவர்களின் சராசரி 22-இல் இருந்து 17.4-க்கு இறங்கியது. ஆகா, கேட்கிறதே என்று தோன்றுகிறது அல்லவா? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 21.7-இல் இருந்து 15.6-க்கு இறங்கியது.

அதாவது நல்ல மாத்திரையால் வெற்று மாத்திரையைத் தாண்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் குறைந்ததற்கு, யாரோ ஒருவர் அக்கறையாகப் பார்த்ததும், நாள் போகப் போகத் தானாகவே தணிவதும் காரணமாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் மாத்திரைக்கு அந்தப் பெருமை சேராது.

உடனே ஒருவர் கேட்பார்: "அமிலம் காரணமாக இருக்கலாம்னு நீங்களேதானே சொன்னீங்க?" நல்ல கேள்வி. அமிலம் சிலருக்குக் காரணம், எல்லோருக்கும் இல்லை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் கூடவே இருப்பவருக்கு ஒன்றிரண்டு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது நியாயம். அதையும் சரியாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில். சாப்பிட்ட பிறகு ஏப்பம் வந்ததும் வாயில் போட்டுக்கொள்கிற மாத்திரை அது இல்லை. நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு "காலையில் ஒண்ணு" என்று எழுதிக் கொடுப்பதிலும் அர்த்தம் இல்லை. அவருக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். எழுந்து முதலில் எப்போது சாப்பிடுகிறாரோ, அதற்கு அரை மணி முன்னால் என்று சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துவதுதான் சரி. ஆனால் நடப்பது என்ன? குறையவில்லையா, ஒரு வேளையை இரண்டு வேளை ஆக்கு. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் சில நாள் அதிகமாகச் சுரக்கும். நெஞ்சு எரியும். "பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று மறுபடி ஆரம்பம். இல்லாத வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டு வியாதியை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

சரி, கேஸும் வேண்டாம், டென்ஷனும் வேண்டாம் என்றால் டாக்டர் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மூன்று கேள்வி போதும், ஆரம்பிக்க.

சாப்பிடும்போது அடைப்பு அதிகமாகிறதா, குறைகிறதா? விழுங்கும்போது வலிக்கிறதா? சாப்பாடு எங்காவது சிக்குகிறதா?

குளோபஸ் என்றால் சாப்பிடும்போது குறையும், அல்லது மறந்தே போகும். சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில்தான் தொல்லை. வெறும் எச்சில் விழுங்குவது கஷ்டமாக இருக்கும், பிரியாணி சுலபமாக இறங்கும். நிஜமான கட்டி நேர் எதிர். எச்சில் போகும், சோறு சிக்கும். முதலில் கெட்டியான சாப்பாடு, அப்புறம் குழைந்த சாதம், அப்புறம் கஞ்சி என்று நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்று ராத்திரியே பாதித் தூக்கம் தூங்கியிருப்பாள். சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

அதற்கு அப்புறம் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தைராய்டு வீக்கமோ நெறிகட்டியோ இருக்கிறதா என்று. தொல்லை நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார். சில நிமிட வேலை, மயக்க ஊசி வேண்டாம். "பார்த்தாச்சு, கட்டி இல்லை" என்ற வார்த்தைக்கு அங்கேதான் மதிப்பு. பார்க்காமலே சொல்லும் "ஒண்ணும் இல்லை"க்கு மதிப்பு இல்லை. நோயாளிக்கும் அது தெரியும், அதனால்தான் அவர் நம்புவதில்லை.

"டென்ஷன்" என்று தட்டிக்கழிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தப் பெண் இருக்கும் அதே வரிசையில், லோடு ஏற்றும் வேலை செய்யும் 48 வயதுக்காரர் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். இருபது வருடமாக மாவா போடுபவர். அவரும் "தொண்டையில ஏதோ இருக்கு" என்றுதான் சொல்வார். ஆனால் கேட்டுப் பார்த்தால் இடது பக்கம் மட்டும். விழுங்கினால் காதுக்குள் குத்துகிறது. குரல் ஒரு மாதமாகக் கட்டியே இருக்கிறது. பேன்ட் தளர்ந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். அவருக்கும் அதே பட்டையைக் கொடுத்து அனுப்பினால் மூன்று மாதம் போய்விடும். தொண்டைப் புற்றுநோயில் மூன்று மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தொல்லை, விழுங்கினால் வலி, சோறு சிக்குதல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டு, கழுத்தில் கட்டி, எடை குறைதல், எச்சிலில் ரத்தம்... இதில் ஒன்று இருந்தாலும் அதை குளோபஸ் என்று சொல்லக்கூடாது. உடனே பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஒரகடத்தில் இருந்து எட்டாத தூரம் இல்லை.

ஆக, ஒரே வார்த்தையால் இரண்டு பேருக்கும் கெடுதல். பயப்படத் தேவை இல்லாதவள் தூங்காமல் கிடக்கிறாள். பயப்பட வேண்டியவர் நிம்மதியாக இருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு மருந்துச் சீட்டுக்குப் பதிலாக எழுதிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். மாலை கேன்டீன் சாப்பாட்டை முழுச் சாப்பாடாகச் சாப்பிடு. ராத்திரி ஹாஸ்டலில் இரண்டு இட்லியோடு நிறுத்து. படுப்பதற்கு மூன்று மணி முன்னால் சாப்பிடச் சொல்வது புத்தகத்துக்குச் சரி, 11 மணிக்கு வந்து சேரும் பெண்ணுக்குச் சரிவராது. அதனால் அளவைக் குறை, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திரு, படுக்கும்போது இடது பக்கம் திரும்பிப் படு. இடது பக்கம் படுத்தால் அமிலம் ஏறுவது குறைகிறது, அதற்குக் காசும் கிடையாது. எச்சில் விழுங்கத் தோன்றும்போது வெறும் எச்சிலை விழுங்காதே, ஒரு வாய் தண்ணீர் குடி. செருமத் தோன்றினாலும் அதே ஒரு வாய் தண்ணீர். தோளைத் தளர்த்து, கடித்த பல்லை விடு, கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து மூச்சு விடு. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இந்த மாதிரிப் பயிற்சிகளை முறையாகவே சொல்லித் தருகிறார்கள்.

இதனால் நாளைக்கே போய்விடுமா? போகாது. குளோபஸ் பிடிவாதக்காரத் தொல்லை. பல வருடம் தொடர்ந்து கவனித்துப் பார்த்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குறைந்தது அல்லது போனது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர்களில் யாருக்கும் அது புற்றுநோயாக மாறவில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட்டால், அடுத்த மாதம் திரும்பி வரும்போது அவள் பயந்து போய் இன்னொரு கிளினிக் தேட மாட்டாள்.

ஆனால் மேலே எழுதியதில் ஒன்றைக் கவனித்தீர்களா? தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம். குடித்தால் பாத்ரூம் போக மாற்று ஆள் யார் கொடுப்பது? மாலையில் முழுச் சாப்பாடு சாப்பிடு என்றால் தட்டின் முன்னால் இருபது நிமிடம் யார் கொடுப்பது? டாக்டரைப் பார் என்றால் அட்டென்டன்ஸ் போனஸை வெட்டாமல் யார் விடுவது? இந்த மூன்றும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. டாக்டரும் எழுதித் தர முடியாது. லைன் ஓட்டுபவர்கள்தான் தர முடியும். அவர்கள் தராதவரைக்கும் "கேஸ்", "டென்ஷன்" என்ற இரண்டு வார்த்தைகளும் ரொம்ப வசதி. கேஸ் என்றால் குற்றம் அவள் வயிற்றில். டென்ஷன் என்றால் குற்றம் அவள் மனதில். ராத்திரி 11.15 சாப்பாட்டின் மேல் யாரும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தடவை யாராவது "தொண்டையில ஏதோ அடைக்குது" என்று சொன்னால், மாத்திரை பெயர் சொல்வதற்கு முன்னால் "சாப்பிடும்போது அடைக்குதா?" என்று மட்டும் கேளுங்கள். "இல்லை" என்றால், "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்று அடுத்ததைக் கேளுங்கள்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் பின்னூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டு இருக்காமல் நேரே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகவும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்தவும். அந்த ஐந்து தடவை எச்சில் சோதனையை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளவும். திரும்பத் திரும்பச் செய்தால் உருண்டை உங்களிடமே தங்கிவிடும் :-)